கேட்டவாறே எழுதுக

தாளாளர் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் காளியம்மாளும் கோபத்தோடு பதில் சொல்லியிருப்பாள். அவரோ வெற்றிலையை மென்றபடி, பெற்ற மகளுக்குப் புத்தி சொல்பவரைப் போலக் கனிவாகச் சொன்னார்.

“ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் போச்சு. மூணாவது தடவைக்கும் நான் லீவு குடுக்கணும், ஒங்களுக்குப் பதிலா ஆளு போடணும். எதுக்கும்மா இம்புட்டுச் சிரமம்? அந்தக் காலேஜ் வாத்தியாரு ஞாயித்துக்கெழம மாதிரித் தேர்வு வைக்கிறாராமே, அதுல பாதி மார்க்கு வாங்கி, அவரு கையெழுத்தோட கொண்டாங்க. லீவும் தாரேன், வேலயும் இருக்கும். இல்லேன்னா எங்க அண்ணன் மருமக வீட்டுல சும்மாதான் இருக்கு. அது எல்லாத் தாளும் பாசு.”

பெண்கள் பள்ளியின் தாளாளர் அவர். காளியம்மாளோ அங்கே பல ஆண்டுகளாகத் ‘தற்காலிக’த் தமிழாசிரியை. தற்காலிகம் என்ற சொல்லுக்குத் திண்டுக்கல்லில் எவ்வளவு நீண்ட காலம்! வகுப்பெடுக்கும்போது நிரந்தரம், சம்பளம் கொடுக்கும்போது தற்காலிகம், கேள்வி கேட்டால் அதுவும் இல்லை. கணவன் இருமி இருமிச் செத்த மூன்றாம் மாதமே ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து வெங்காயக் காட்டைக் கொழுந்தன்மார் அளந்து பிரித்துக்கொண்டார்கள். தாலி அறுத்தவளுக்கு வரப்பு எதற்கு என்று கேட்டது ஊர். அவளுக்கு மிஞ்சியவை இரண்டே: தாய் ஜக்கம்மாளும், தமிழும். தாயைத் தமிழ் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தனித்தேர்வராக இருந்து எழுதிய பட்டத் தேர்வில் எல்லாம் தேறிவிட்டாள். இலக்கணத்தில் முதல் வகுப்பு. செய்யுளில் அதற்கும் மேல். பல்கலைக்கழகம் புதிதாகப் புகுத்திய மொழியியல் என்னும் ஒரு தாள் மட்டும் குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டினால் பட்டம். பட்டம் கையில் இருந்தால் எந்தத் தாளாளரின் வெற்றிலைச் செல்லத்துக்கு முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் கேட்டு வாங்கலாம். தாண்டாவிட்டால் மேட்டுப்பட்டி வாடகை வீட்டுக்குக்கூட வழியில்லை. தாயும் மகளும் கொழுந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய் ஒண்ட வேண்டும்.

இந்த நெருக்கடியைத் தலையில் சுமந்துகொண்டுதான் அந்த ஞாயிறு காலை அவள் புகையிலை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் மாடிப்படியில் ஏறினாள்.

மாடி அறையை வாடகையின்றிக் கொடுத்திருந்தார் கிட்டங்கி முதலாளி. அங்கே ஞாயிறுதோறும் மொழியியல் சொல்லித்தந்தார் கல்லூரி விரிவுரையாளர் ராயப்பராஜ். கோடை விடுமுறையில் வெளியூர் சென்று அந்தக் கல்வியைக் கற்று வந்தவர். மாணவர் மூவர்: காளியம்மாள், தாடிக்கொம்புப் பள்ளித் தமிழாசிரியர் பொன்னுத்துரை, பேகம்பூரிலிருந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வரும் சைதூன், தொடக்கப்பள்ளி ஆசிரியை. கீழே புகையிலை தட்டும்போதெல்லாம் மேலே மூவரும் தும்முவார்கள்.

“தும்மலுக்கு ஒலிக்குறி இருக்கா சார்?” என்பார் பொன்னுத்துரை, வாரம் தவறாமல்.

“இருக்கு. ஆனா அதுக்கு மார்க்கு இல்ல,” என்பார் ராயப்பராஜ், வாரம் தவறாமல்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. கரித்தாள் வைத்து எழுதிய வினாத்தாளை அவர் கொடுத்தார். மூன்றாம் படி காளியம்மாளுக்கு வந்தது. எழுத்துகள் மங்கிக் கிடந்தன. மொத்தம் ஐம்பது. முதற்பகுதி, ஒலிபெயர்ப்பு: பத்துச் சொற்களைக் கேட்டு ஒலிக்குறிகளில் எழுத வேண்டும், இருபது மதிப்பெண். இரண்டாம் பகுதி, ஒலிப் பண்புகளைப் பகுத்தல்: p, b, d, m, n என்னும் ஐந்து ஒலிகளுக்கும் அடைப்பு, மூக்கு, ஒலிப்பு, இதழ் என்னும் நான்கு பண்புகள் உண்டா இல்லையா என்று கூட்டல், கழித்தல் குறியிட வேண்டும், இருபது. மூன்றாம் பகுதி: தரவைப் பார்த்து ஒரு விதி எழுதுக, பத்து.

மதிப்பெண் திட்டம் அவருடைய சட்டைப்பையில் நான்காக மடிந்து இருந்தது. “எழுதி முடிச்சதும் தாள மாத்திக்கிட்டு நீங்களே ஒருத்தருக்கொருத்தர் திருத்துவீங்க. திருத்தினாத்தான் எங்க மார்க்கு ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். அப்புறம் நான் பாத்துக் கையெழுத்துப் போடுவேன்.”

சொற்களைச் சொல்ல அவர் கிட்டங்கியிலிருந்து பழனியம்மாளை அழைத்து வந்தார். புகையிலைக்குக் காம்பு கிழிக்கும் பெண். ராயப்பராஜ் ஒவ்வொரு பொருளாகக் குறிப்புக் காட்டுவார். அவள் அதன் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும்.

“வானத்துலேர்ந்து விழுமே, தண்ணி?”

“மள. மள. மள. ஏன் சார், இவுகளுக்குக் காது செவிடா?”

“இல்லம்மா, பரீட்சை.”

“பரீட்ச அவுகளுக்கு, தொண்டத்தண்ணி எனக்கா?” என்றாள் பழனியம்மாள். சைதூன் துப்பட்டிக்குள் சிரித்தாள்.

காளியம்மாள் சிரிக்கவில்லை. அவள் பேனா ழகரத்துக்குரிய குறியை எழுதிவிட்டிருந்தது. நாள்தோறும் கரும்பலகைக்கு முன்னால் நின்று, நாக்கை மடி, இன்னும் மடி என்று எத்தனை சிறுமிகளின் வாயில் ழகரத்தை ஊட்டியவள்! ‘மள’ என்று எழுதக் கை வருமா? கோளி என்றாள் பழனியம்மாள்; கோழி என எழுதினாள். வாள என்றாள், வாழை என எழுதினாள். பழமும் மரமும் மகரத்தில் முடியாமல் மூக்கில் கரையும் உயிராய் முடிந்தன; இவள் மகரத்தை மீட்டெடுத்து மரியாதையாக நிறுத்தினாள். ‘தாப்பா’ தாழ்ப்பாள் ஆயிற்று. பிறகு பங்கு, வண்டு, பஞ்சு, பாம்பு வந்தன. அவற்றில் திருத்த எதுவும் இல்லாததால் கேட்டபடியே எழுதினாள். வினாத்தாளின் தலைப்பில், மங்கலாய், ‘கேட்டவாறே எழுதுக’ என்று இருந்ததை அவள் படிக்காமல் இல்லை. படித்தாள், ஆனால் கேட்டதைத் திருத்துவதுதான் கேட்பது என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இரண்டாம் பகுதியில் அவள் வல்லினத்தை நம்பினாள். வலிய ஒலி என்றால் ஒலிப்பு இருக்கத்தானே வேண்டும்? p-க்குக் கூட்டல். m, n மெல்லினம். மென்மைக்கு ஏது ஒலிப்பு? இரண்டுக்கும் கழித்தல்.

மூன்றாம் பகுதிக்கு வந்தபோது அம்புக்குறி போட்டு விதி எழுதும் முறை முழுதும் மறந்துவிட்டது. கல்லு, பல்லு, பங்கு, வண்டு, பஞ்சு, பாம்பு: ஆறு சொல்லும் ஒலிக்குறிகளோடு கிடந்தன. மூக்கொலிக்குப் பின்னால் மட்டும் g, d, j, b என்று ஒலிப்புடைய ஒலிகள் வருகின்றன; அது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததை எப்படிச் சொல்வது? தாளாளரின் சிவந்த உதடு நினைவில் அசைந்தது. வெங்காயக் காடு நினைவில் வந்தது. மூழ்குகிறவள் தன் கைக்குத் தெரிந்த கட்டையைத்தானே பிடிப்பாள்? அவளுடைய கைக்குத் தெரிந்தது நூற்பா. எழுதினாள்:

மெல்லின ஒலியின் பின்னர் வருங்கால்
வல்லின அடைப்பொலி ஒலிப்புப் பெறுமே

விதி முடிந்துவிட்டது. எதுகையும் விழுந்துவிட்டது. ஆனால் அகவலுக்குச் சிறுமை மூன்றடி. இரண்டடியில் நிறுத்தினால் காலொடிந்த பா. அதை எழுதியவள் தமிழாசிரியையா? மெல், வல் என்று வந்த பிறகு மூன்றாவது எதுகை தானாகவே வந்து நாக்கில் அமர்ந்தது.

சொல்லின் முதலும் அற்றே ஆகும்.

“போதும். பேனாவக் கீழ வைங்க,” என்றார் ராயப்பராஜ்.

தாள்கள் கைமாறின. காளியம்மாளின் தாள் பொன்னுத்துரைக்கு. சைதூனின் தாள் காளியம்மாளுக்கு. ராயப்பராஜ் மதிப்பெண் திட்டத்தை விரித்துப் படித்தார்.

“முதல் பகுதி, சொல்லுக்கு ரெண்டு. அந்த அம்மா சொன்னது தாள்ல இருந்தா ரெண்டு; அகராதியில உள்ளது இருந்தா சைபர். ரெண்டாம் பகுதி, ஒலிக்கு நாலு. நாலு குறியும் சரின்னா நாலு. ஒண்ணு தப்புன்னாலும் சைபர். ஏன்னா ஒரு குறி மாறினா அது வேற ஒலி. p-க்கு ஒலிப்பு உண்டுன்னு, அதாவது தொண்டை அதிரும்னு போட்டீங்கன்னா அது b ஆயிருச்சு. அப்புறம் p எங்க போச்சு? மூணாம் பகுதி, மாறுற ஒலியினத்துக்கு மூணு, எதுவா மாறுதுங்கறதுக்கு ரெண்டு, எந்த இடத்துலங்கறதுக்கு மூணு, எழுத்து எழுத்தா அடுக்காம பண்பச் சொல்லியிருந்தா ரெண்டு. தரவுல இல்லாத இடத்துல விதி பாஞ்சா, இடத்துக்கான மூணும் கெடையாது.”

சைதூனின் விதி ஒரே வரி: மூக்கொலிக்குப் பின் வரும் அடைப்பொலி ஒலிப்புடையதாகும். எதுகை இல்லை, மோனை இல்லை, கஞ்சிபோல் இருந்தது. காளியம்மாள் திட்டத்தைப் பார்த்தாள், வரியைப் பார்த்தாள். பத்துக்குப் பத்து! ஒரு மதிப்பெண்ணைக்கூடக் குறைக்க இடமில்லை. எழுதும்போது நெஞ்சு எரிந்தது.

அந்தப் பக்கம் பொன்னுத்துரை தொடையில் தட்டினார். “அடடடா! டீச்சர்! பரீட்சத் தாள்ல அகவல் பாடியிருக்கீகளே! இதுக்குப் பத்துப் போடலைன்னா நான் தமிழ் படிச்சவனா?” சிவப்புப் பென்சிலால் வட்டமாகப் பத்துப் போட்டார். ஒலிபெயர்ப்பில் எட்டு, பண்பில் எட்டு, விதியில் பத்து. இருபத்தாறு.

இருபத்தாறு! காளியம்மாளின் கண்ணில் நீர் முட்டியது. பாதிக்கு மேலே ஒன்று. லீவு, வேலை, வாடகை, தாய் எல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

ராயப்பராஜ் தாளை வாங்கினார். முதல் இரண்டு அடியைப் படித்தபோது அவர் முகம் மலர்ந்தது. மூன்றாம் அடியில் அது நின்றது.

“சொல்லின் முதலும்?”

அவர் தாளை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“சொல்லோட முதல்லயும் ஒலிப்பு வரும்னு எழுதியிருக்கீங்க. அப்ப பங்கு என்னாகும்? bங்குன்னு ஆகும். நீங்களே மொதல் பகுதியில p போட்டு எழுதி ரெண்டு மார்க்கு வாங்கியிருக்கீங்களே டீச்சர். ஒங்க விதி ஒங்க காதையே பொய்யாக்குதே. இந்த மூணாவது அடி எங்கேர்ந்து வந்துச்சு?”

“சார், அது… அகவலுக்கு மூணடி வேணும்ங்க சார்.”

சொன்ன பிறகுதான் அந்த விடை எவ்வளவு அபத்தமானது என்பது அவளுக்கே கேட்டது.

“எனக்கு அகவல் வேண்டாம்மா. உண்மை ரெண்டடியில முடிஞ்சா ரெண்டடியில நிறுத்தணும்.” நீல மையால் பத்தை அடித்து ஏழாக்கினார். இருபத்தாறு இருபத்து மூன்றாயிற்று.

“சார்,” என்று இடையில் புகுந்தார் பொன்னுத்துரை, “அந்த மூணாவது அடிய நான் படிக்கவே இல்லன்னு வச்சுக்கங்க. நான் ரெண்டடிக்குத்தான் பத்துப் போட்டேன்.”

“ஒங்க கண்ணுக்கு மார்க்கு போடுறதா இருந்தா அதுவும் சைபர்தான் பொன்னுத்துரை.”

காளியம்மாள் எழுந்து நின்றாள். தாளாளர் சொன்னதை முதன்முறையாக அவர்கள் முன்னால் சொன்னாள். “ரெண்டு மார்க்கு சார். ரெண்டே ரெண்டு மார்க்கு. ஒங்க கையெழுத்துல என் வேல இருக்கு. எங்கம்மா சோறு இருக்கு. நாலு வார்த்தைக்காக என்னயத் தெருவுல நிறுத்திராதீங்க.”

ராயப்பராஜ் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். “இது மாதிரித் தேர்வும்மா. இதுல நான் பொய் சொன்னா மதுரையில நடக்கிற நெசப் பரீட்சையில நீங்க மறுபடியும் விழுவீங்க. திருத்தப்போறவன் பொன்னுத்துரை இல்ல.”

“அப்ப மழைக்காவது மார்க்கு குடுங்க! மழைன்னு எழுதினது தப்பா? அந்தம்மா கொச்சையாப் பேசினா நானும் கொச்சையா எழுதணுமா? தமிழுக்கு நான் செய்யிற மரியாத அதுதானா?”

அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. “மரியாதையா? ஒரு உயிருள்ள மனுசி ஒங்க முன்னால நின்னு பேசினா. நீங்க அவ வாய மூடிட்டு, அவ பேசவேண்டியத நீங்களே எழுதிக்கிட்டீங்க! காலங்காலமா இந்த நாட்டுல மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனுக்குச் செஞ்சது என்ன? அவனுக்குப் பதிலா இவனே பேசினான். அவன் சொன்னத இவனே திருத்தினான். ஒங்க காட்டப் புடுங்கும்போது ஒங்க சார்பா யாரு பேசினா டீச்சர்? ஒங்களுக்கு என்ன வேணும்னு அவங்களே எழுதிக்கலையா?”

அவர் தலை குனிந்து, இருபத்து மூன்றுக்குக் கீழே கையெழுத்திட்டார். சைதூன் அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, வாங்கக்கா. செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போங்க.”

அவள் உட்காரவில்லை.

மேட்டுப்பட்டி வீட்டு வாசலில் ஜக்கம்மாள் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். மேற்கே கருத்திருந்தது.

“மள வாரமாரி இருக்கு. அந்தக் கோளியப் புடிச்சு அடடி,” என்றாள் தாய்.

‘மழைன்னு சொல்லும்மா’ என்பது காளியம்மாளின் வாடிக்கையான பதில். பள்ளி ஆசிரியையின் தாய் இப்படிப் பேசுகிறாளே என்று பக்கத்து வீட்டார் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். திருத்தித் திருத்தித் தாயின் பேச்சே வீட்டில் குறைந்துபோயிருந்தது. அன்று அவள் வாய் திறக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துக் கோழியை மூடிவிட்டுத் தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னொருக்காச் சொல்லும்மா.”

“எத?”

“இப்பச் சொன்னத.”

“மள வருதுன்னேன். ஏன்டி, ஒனக்கு என்னாச்சு? வாயவே பாக்குற?”

தாயின் நாக்கு மேலண்ணத்தில் சென்று மடங்கி ஒட்டியதைக் காளியம்மாள் பார்த்தாள். அதில் பிழை எங்கே இருந்தது? அது ஓர் ஒலி. அதற்கு ஓர் இடம் உண்டு, ஒரு முயற்சி உண்டு, ஒரு குறியும் உண்டு. இத்தனை ஆண்டும் இல்லாதது கேட்கும் காது மட்டுமே! மங்கிய வினாத்தாளின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள். மள. கோளி. வாளப்பளம் என்று தாய் சொல்ல, இறுதியில் மகரம் நில்லாது மூக்கில் மிதந்த உயிரையும் மேலே நெளிகோடு இட்டு எழுதினாள்.

பிறகு கையை நீட்டித் தாயின் தொண்டையில் வைத்தாள்.

“அடியே! கொல்லப்போறியா என்னய?”

“பாம்புன்னு சொல்லும்மா. மெதுவா.”

“சாயங்கால நேரத்துல அதுபேரச் சொல்லச் சொல்றா பாரு… பாம்பு.”

பகரத்தில் தொண்டை சும்மா இருந்தது. உயிரில் அதிர்ந்தது. மகரத்தில் விரல்களுக்கடியில் வண்டுபோல் ரீங்கரித்தது. அந்த ரீங்காரம் அறுபடாமல் அடுத்த b-க்குள் நடந்து சென்றது. மென்மைக்கு ஒலிப்பில்லை என்று கழித்தல் போட்டாளே! மூக்கொலியே அதிர்வோடுதான் இருக்கிறது. தன் அதிர்வை அடுத்து நிற்கும் அடைப்பொலிக்கும் கொடுக்கிறது. இதுதான் விதி. சொல்லின் முதலில் முன்னால் நிற்பவர் யாருமில்லை. யார் கொடுப்பார்கள் அதிர்வை? மூன்றாம் அடி பொய். எதுகைக்காகச் சொன்ன பச்சைப் பொய்.

தாயின் கழுத்தில் கை வைத்தபடியே அவள் அழுதாள். காரணம் தெரியாத ஜக்கம்மாள், அழும் மகளின் தலையைக் கோதிக்கொண்டே, “பாம்பு, பாம்பு” என்று கேட்காமலே இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை தாளாளர் தாளைக் கையிலெடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“செவப்புல இருபத்தாறு இருக்கு, நீலத்துல இருபத்து மூணு இருக்கு. கையெழுத்து நீலத்துக்குக் கீழதான இருக்கு?”

“ஆமாங்க.”

“அப்ப என்னம்மா? நீங்களே பாத்துக்கங்க.”

“பரீட்சை வியாழக்கிழமைங்க. ஒரே ஒரு நாளு. சம்பளம் வேண்டாங்க.”

“நான் ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான், லீவு கெடையாது. வியாழக்கெழம பள்ளிக்கூடத்துல இருந்தீங்கன்னா இந்த வருசம் முடியிற வரைக்கும் வேல இருக்கும். இல்லாமப் போனீங்கன்னா, நீங்களா நின்னுட்டதா எழுதிக்குவேன்.”

அவராகவே எழுதிக்கொள்வார். அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஏழைப் பெண் ஒருத்தி வாய் திறக்குமுன்பே அவளுடைய முடிவை எழுதி, அவளுடைய பெயரில் கணக்குத் தீர்த்துவிடும் கைகள் இந்த ஊரில் எத்தனை! அவற்றில் ஒரு கை நேற்றுவரை தன்னுடையதாகவும் இருந்ததே!

“நானா நிக்கலைங்க,” என்றாள். “நீங்க நிறுத்துறீங்க. எழுதுறதுன்னா அப்பிடியே எழுதிக்கங்க.”

வெளியே வந்தாள். வெயிலில் பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனித் திரும்பிப் போக இடமில்லை. வியாழக்கிழமை என்ற ஒரே பலகைதான் காலடியில்.

மதுரைத் தேர்வுக் கூடத்தில் மின்விசிறிகள் சுழன்றன, காற்று வரவில்லை. வினாத்தாளில் முதல் வரி, அச்சில், தெளிவாக: ‘கேட்டவாறே எழுதுக.’ சொற்களை வாசிக்க மேடைக்கு வந்தவர் சரிகைத் துண்டு போட்ட முதிய தமிழ்ப் பேராசிரியர். தொண்டையைச் செருமி, கையிலிருந்த அச்சிட்ட தாளைப் பார்த்து முதற்சொல்லை முழங்கினார்:

“வாளைப்பளம்.”

காளியம்மாளின் பேனா நின்றது.

இரண்டாம் முறையும் அதையே சொன்னார். மூன்றாம் முறையும். அவர் கையிலிருந்த தாளில் ழகரம்தான் அச்சாகியிருக்கும். அவர் மனத்தில் ழகரம்தான் ஒலித்திருக்கும். ழகரத்தின் சிறப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர் அவர். அவருடைய வாயும் பழனியம்மாளின் வாயும் ஒன்றாகவே இருந்தன. சுற்றிலும் நூறு பேனாக்கள் தயக்கமின்றி ஓடின. அவை எதை எழுதுகின்றன என்பது அவளுக்குத் தெரியும். போன ஞாயிறு அவளும் அதைத்தான் எழுதினாள்.

மாதிரித் தேர்வில் மதிப்பெண் திட்டம் ராயப்பராஜின் சட்டைப்பையில் இருந்தது. இந்தத் தேர்வின் திட்டம் யார் பையில்? அதை எழுதியவர் காதால் எழுதினாரா, அகராதியால் எழுதினாரா? அச்சுத் தாளைப் பார்த்து எழுதியிருந்தால், கேட்டதை எழுதியவளுக்குச் சுழி. சொல்லுக்கு இரண்டு, போயிற்று. வேலையும் போய்விட்டது, பட்டமும் போகும். ஒரே குறி. ழகரத்தின் குறியை இட்டால் ஊரோடு சேர்ந்து பிழைக்கலாம். ளகரத்தின் குறியை இட்டால்?

அடுத்த சொல்லுக்கு அவர் செருமத் தொடங்கிவிட்டார். காளியம்மாளின் உள்ளங்கை தன்னையறியாமல் கழுத்துக்குச் சென்றது. அங்கே அவளுடைய தாயின் தொண்டை இருந்தது. காம்பு கிழிக்கும் பழனியம்மாளின் தொண்டை இருந்தது. இப்போது சரிகைத் துண்டுக்காரரின் தொண்டையும் வந்து சேர்ந்திருந்தது. அவர் சொன்னதை அவள் எழுதினாள். ளகரம். அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததில் அவர் பெருமுயற்சியோடு நாக்கை மடித்து அழகான ழகரம் ஒன்றைச் சொன்னார். அதையும் கேட்டவாறே ழகரமாக எழுதினாள்.

கடைசி வினா விதி. தரவு வேறு; மெய்யில் முடியும் சொற்கள் பேச்சில் உகரம் ஏற்பவை. தனிக்குறிலை அடுத்த மெய்யில் முடியும் கல், முள் போன்றவை கல்லு, முள்ளு என்று இரட்டித்து உகரம் பெற்றன. நெடில் கொண்ட கால், தேள் போன்றவை இரட்டிக்காமல் காலு, தேளு ஆயின. நாக்கு நுனியில் எதுகைகள் வந்து கூட்டமாய் நின்றன. அவள் அவற்றை உள்ளே விடவில்லை. எது மாறுகிறது, எதுவாக மாறுகிறது, எங்கே மாறுகிறது: இரண்டு வரிகளில் எழுதினாள். தரவோடு சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தாள். நிறுத்தினாள்.

பக்கத்தில் முக்கால் பங்கு வெள்ளையாய் இருந்தது. வாழ்நாளில் ஒரு விடைத்தாளின் பக்கத்தை இப்படி வெறுமையாய் விட்டதில்லை அவள்.

“இன்னும் நேரம் இருக்கும்மா,” என்றார் கண்காணிப்பாளர்.

“முடிஞ்சிருச்சுங்க,” என்றாள்.

திண்டுக்கல் பஸ்ஸில் பொன்னுத்துரை அவளுக்கு முன்னிருக்கையில் திரும்பி அமர்ந்திருந்தார், சைதூன் ஜன்னலோரம். பஸ் கொடைரோட்டைத் தாண்டியது.

“டீச்சர்,” என்றார் பொன்னுத்துரை, “அந்த மொதச் சொல்லுக்கு என்ன எழுதுனீக?”

“அவரு சொன்னத.”

பொன்னுத்துரை தலையில் மெல்ல அடித்துக்கொண்டார். “ஐயையோ. நான் அவரு சொல்ல வந்தத எழுதிட்டேன்.”

சைதூன் சிரித்துவிட்டாள். காளியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரில் யாருக்குச் சுழி விழும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நாளைக் காலையில் மணி அடிக்கும்போது அவளுடைய வகுப்பில் வேறொருத்தி நிற்பாள் என்பதே. அவள் மடியில் எழுதுகோலை இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வலித்தன. பிடியை அவள் தளர்த்தவில்லை.